கூரியரில் போகும் வீட்டு இனிப்புக்கு எத்தனை நாள் என்று எழுதுவது?

"வீட்டில் நெய் உருண்டை, பால் இனிப்பு, பொரித்த காரம் மூன்றும் செய்து இணையத்தில் பட்டியலிட்டுக் கூரியரில் அனுப்பத் தொடங்கியிருக்கிறேன். எந்த நாளில் அனுப்புவேன், எத்தனை நாள் கெடாது என்று பட்டியலில் எப்படி எழுதுவது? வெயிலில் உருகாமல் போய்ச் சேர, தெர்மாகோல் பெட்டியும் ஐஸ் பேக்கும் வைத்தால் போதுமா?"

பால் இனிப்பைக் கூரியர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நெய் உருண்டையைப் பக்குவத்தில் சிறு மாற்றம் செய்து அனுப்பலாம். பொரித்த காரத்தைத் தயங்காமல் அனுப்பலாம். இந்த மூன்று முடிவுகளும் எப்படி வருகின்றன என்பதைச் சொன்னால், எத்தனை நாள், எந்தக் கிழமை என்ற எண்கள் தாமே கிடைத்துவிடும். தெர்மாகோல் பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் புதிதாக இத்தொழிலுக்கு வருகிறவர்கள் முதலில் பணத்தை விடுவது அதில்தான்.

வெளிப்புற அளவு 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம், சுவரின் தடிமன் இரண்டரை செ.மீ. உள்ள ஒரு தெர்மாகோல் பெட்டியை எடுத்துக்கொள்வோம். வெளியே 35 டிகிரி, உள்ளே 5 டிகிரி என்று வைத்தால், அந்தச் சுவர் வழியாக ஏறத்தாழ 11 வாட் வெப்பம் இடைவிடாமல் உள்ளே கசியும். அதாவது மணிக்கு 40 கிலோஜூல். ஒரு கிலோ ஐஸ் முழுதும் உருகுவதற்குள் உள்வாங்கும் வெப்பம் 334 கிலோஜூல். ஆகவே ஒரு கிலோ ஐஸ் பேக் அந்தப் பெட்டியைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது எட்டு மணி நேரத்துக்குத்தான். இரண்டு நாள் பயணத்துக்கு ஆறு கிலோ ஐஸ் தேவைப்படும். அதற்கு மட்டுமே ஆறரை லிட்டர் இடம் வேண்டும். சுவரின் தடிமனைக் கழித்தால் பெட்டிக்குள் இருக்கும் மொத்த இடமோ ஐந்தரை லிட்டரைச் சற்றே தாண்டும். இனிப்பு வைக்க இடமில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும், ஐஸ் வைக்கவே இடமில்லை. பெட்டியைப் பெரிதாக்கினால் கூரியர் கட்டணம் ஏறும், ஏனென்றால் இலேசான பெரிய பெட்டிகளுக்கு நிறையைப் பார்க்காமல் கன அளவைக் கொண்டே கட்டணம் போடுவார்கள். பரவலாக உள்ள கணக்குப்படி 30 × 20 × 20 ÷ 5000 = 2.4, உள்ளே அரைக் கிலோ இனிப்பே இருந்தாலும் நீங்கள் 2.4 கிலோவுக்குக் கட்டணம் கட்டுகிறீர்கள்.

ஐஸ் வைக்காமல் பெட்டியை மட்டும் நம்பினால் நிலைமை இன்னும் எளிதாக விளங்கும். வெப்பத்தைத் தடுக்கும் சுவர் வெப்பத்தைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. அரைக் கிலோ இனிப்பு தன்னுள் தேக்கிவைக்கக்கூடிய குளிர்ச்சி மிகக் குறைவு, ஆதலால் இரண்டு மூன்று மணி நேரத்தில் உள்ளேயும் வெளியேயும் ஏறத்தாழ ஒரே சூடாகிவிடும். பளபளக்கும் வெள்ளித்தாள் உறைகளுக்கும் இதே கதைதான். வண்டியை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திவைக்கும்போது ஏறும் திடீர்ச் சூட்டை அவை ஓரளவு சமாளிக்கும், அந்த அளவுக்கு அவற்றால் பயனுண்டு. மூன்று நாள் பயணத்தில் பொருளைக் குளிர்ச்சியாக வைத்திருக்க அவற்றால் ஆகாது. எனவே, வழியில் பொருள் 40 டிகிரியைச் சந்திக்கும், மூடிய வண்டிக்குள் சில மணி நேரம் அதற்கு மேலும் சந்திக்கும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, அந்தச் சூட்டைத் தாங்கும் பொருளை மட்டும் அனுப்புவதுதான் வழி. வெயிலை வெல்வது அடுப்படியில் நடக்கும் வேலை, பெட்டியில் நடப்பதன்று.

பால் இனிப்பு அந்தச் சூட்டைத் தாங்காது. பாலைச் சுண்டவைத்துச் செய்யும் மென்மையான இனிப்பில் ஈரம் மிகுதி. சர்க்கரை அந்த ஈரத்தை முழுதும் பிடித்துவைத்துக்கொள்ளும் அளவுக்கு இருக்காது. கையால் உருட்டும்போதும் வெட்டும்போதும் நம் தோலில் இருக்கும் கிருமிகள் அதில் ஒட்டுகின்றன. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் அவை பெருகுகின்றன. அவற்றுள் சில உண்டாக்கும் நஞ்சு, பிறகு சூடாக்கினாலும் அழியாது. மணத்திலோ சுவையிலோ மாற்றம் தெரியாமலேயே இது நேர்ந்துவிடலாம் என்பதுதான் அச்சம் தருவது. "முகர்ந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது" என்று வாடிக்கையாளர் சொல்வது எதற்கும் சான்றாகாது. காற்றை உறிஞ்சி அடைக்கும் வாக்குவம் பேக்கிங்கும் இதற்கு மருந்தல்ல. ஈரமுள்ள பொருளில் காற்றை எடுத்துவிட்டால் பூஞ்சை அடங்கும், ஆனால் காற்றில்லாமலே வளரும் கிருமிகளுக்கு அது வசதியாகிப்போகும். ஆகவே பால் இனிப்பைச் செய்த அன்றே கையில் கொடுக்கக்கூடிய தூரத்துக்கு மட்டும் தனிப் பட்டியலாக வையுங்கள். அதில் "கூரியரில் அனுப்புவதில்லை" என்ற வரியை முதல் வரியாகவே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் வாரத்துக்கு நான்கு பேர் கேட்பார்கள், ஐந்தாமவரிடம் நாம் இளகிவிடுவோம்.

நெய் உருண்டைக்கு வருவோம். அதில் ஈரம் அநேகமாக இல்லை, அதனால் கிருமியைப் பற்றிய கவலை குறைவு. சிக்கல் கொழுப்பில்தான் இருக்கிறது. நெய் 30 டிகிரியைத் தாண்டியதும் இளகத் தொடங்கி, 40 டிகிரியை எட்டுவதற்குள் முழுதும் உருகிவிடும். வறுத்த மாவு ஓரளவு நெய்யைத்தான் உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஊற்றுகிற நெய்யெல்லாம் துகள்களுக்கு நடுவே சும்மா நிற்பது. குளிர்ந்த நிலையில் அதுவே உருண்டையை இறுக்கிப் பிடிக்கும் பசை, சூடேறினால் முதலில் வழிந்து ஓடுவதும் அதுதான். ஆரம்ப காலத்தில் நான் ஒருமுறை வெள்ளிக்கிழமை மாலை இரண்டு கிலோ உருண்டை அனுப்பினேன். பார்சல் வார விடுமுறையில் ஏதோ கிடங்கில் கிடந்து, செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தது. வாடிக்கையாளர் அனுப்பிய படத்தில் உருண்டை என்று எதுவும் இல்லை. பெட்டியின் அடியில் நெய் ஊறிய மாவும் அதன்மேல் உறைந்த வெண்மையான படலமும் இருந்தன. அவர் அதைப் பூஞ்சை என்று நினைத்துவிட்டார். அது பூஞ்சையல்ல, உருகி வெளியேறிய நெய் மெல்ல ஆறும்போது பெரிய மணிகளாக உறைந்தது. ஆனாலும் உண்ணும் நிலையில் இல்லாததை விளக்கிச் சொல்லி என்ன பயன்? பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதன்பின் நான் கடைப்பிடிக்கும் சோதனை மிக எளியது. உருண்டையை ஒரு நாள் முழுதும் ஆறவிட்டு, நான்காக மடித்த டிஷ்யூ பேப்பரின்மேல் வைத்து, ஒரு தெர்மாமீட்டருடன் சேர்த்து மூடிய பாத்திரத்தில் 40 முதல் 42 டிகிரி சூட்டில் ஆறு மணி நேரம் வைப்பேன். விளக்கை மட்டும் எரியவிட்ட ஓவன் பல வீடுகளில் இந்தச் சூட்டுக்கு அருகில் நிற்கும். கதவைச் சற்றுத் திறந்தும் மூடியும் சரிசெய்துகொள்ளலாம். ஆறு மணி நேரம் கழித்து உருண்டையைத் தூக்கிப் பார்த்தால் காகிதத்தில் நெய் வட்டம் தெரியும். அந்த வட்டம் உருண்டையின் அடிப்பாகத்தைவிடச் சற்றே பெரிதாக, மேல் மடிப்போடு நின்றுவிட்டால் அது பயணம் தாங்கும். வட்டம் பரவி நான்கு மடிப்பையும் நனைத்திருந்தால் நெய் மிகுதி என்று பொருள். அடுத்த முறை பத்தில் ஒரு பங்கு நெய்யைக் குறைத்து மறுபடியும் சோதிக்க வேண்டும். குறைத்துக்கொண்டே போகும்போது ஒரு கட்டத்தில் உருண்டை பிடிக்க வராமல் உதிரும். அங்கே நெய்க்குப் பதிலாகப் பாகு கைகொடுக்கும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கையில் உருட்ட வருகிற பதத்தில் இறக்கிய சிறிதளவு சர்க்கரைப் பாகை மாவில் கலந்தால், ஆறியதும் அது கெட்டியாகி உருண்டையைப் பிடித்துக்கொள்ளும். 40 டிகிரியில் அந்தப் பிடி நெய்யைப்போல விட்டுவிடாது. பாகு கூடினால் கடிக்க முடியாமல் கல்லாகிவிடும், ஆகையால் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பார்ப்பது நல்லது. இப்படிச் செய்த உருண்டை வாயில் போட்டதும் கரையாது, மெல்ல வேண்டியிருக்கும். நேரில் விற்பதற்கு ஒரு பக்குவம், கூரியருக்கு ஒரு பக்குவம் என்று நான் இரண்டு வைத்திருக்கிறேன். இரண்டையும் ஒரே பெயரில் பட்டியலிடுவதில்லை.

உருண்டையை அடைக்கும்போது ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதக் கிண்ணத்தில் வைத்து, மூடி இறுக்கமாகப் பொருந்தும் உயரம் குறைந்த டப்பாவில் ஒரே அடுக்காக அடுக்குவது நல்லது. இரண்டாம் அடுக்கின் பாரம், சூட்டில் இளகிய முதல் அடுக்கை நசுக்கும். டப்பாவை மூடி ஆட்டிப் பார்த்தால் உள்ளே எதுவும் உருளக்கூடாது. உருண்டால் மேலே மடித்த காகிதம் வைத்து அசைவை நிறுத்துங்கள். டப்பாவை ஒரு கெட்டியான உறைக்குள் ஒட்டி அடைத்துவிட்டால், எங்கேனும் நெய் கசிந்தாலும் வெளிப்பெட்டி நனையாது. நனைந்த அட்டைப்பெட்டி வலுவிழந்து பிய்ந்துவிடும் என்பதோடு, கசிகிற பார்சலைக் கிடங்கில் தனியே ஒதுக்கிவைத்துவிடுவார்கள் என்பதும் காரணம். கட்டி முடித்த பெட்டியை 75 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை போட்டுப் பாருங்கள்: ஒரு மூலை, அந்த மூலையில் கூடும் மூன்று விளிம்புகள், ஆறு பக்கங்கள். பார்சல் பெட்டிகளைச் சோதிக்கிறவர்கள் கையாளும் முறை இது. "உடையும் பொருள், கவனம்" என்ற ஸ்டிக்கரை நான் ஒட்டுவதை விட்டுவிட்டேன். அதை நம்பி உள்ளே ஒரு காகிதம் குறைவாக வைக்கத் தோன்றுகிறது.

பொரித்த காரத்தில் கெடுவது இரண்டு விதம். ஒன்று நமுத்துப்போவது, மற்றொன்று எண்ணெய் சிக்கு வாடை எடுப்பது. நமுத்துப்போவதற்குப் பெரும்பாலும் நம் அவசரமே காரணம். வெளியே ஆறியதுபோலத் தெரிந்தாலும் குவியலின் நடுவே சூடு இருக்கும். அப்படியே அடைத்தால் அதிலிருந்து வரும் ஆவி உறைக்குள்ளேயே நீராகி மறுபடியும் பொருளுக்குள் போகும். ஆறிவிட்டதா என்று அறிய, அகலமான தட்டில் பரப்பியதன்மேல் ஒரு கண்ணாடி மூடியைக் கவிழ்த்துப் பத்து நிமிடம் விடுங்கள். மூடியின் உட்புறம் சிறிதும் மங்கலாகாமல் இருந்தால் அடைக்கலாம். மின்விசிறியை நேராகப் போட்டு ஆறவைப்பதைவிட இதற்கு நேரம் கூடுதலாகும், ஆனால் மழைக்காலத்தில் விசிறி ஈரக் காற்றையே பொருளின்மேல் வீசும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். எண்ணெயைக் கெடுப்பவை காற்று, வெளிச்சம், சூடு ஆகிய மூன்றும். ஆகையால் ஒளி புகும் மெல்லிய பையை விட்டுவிட்டு, உட்புறம் உலோகப் பூச்சுள்ள உறையை வாங்குங்கள். ஒட்டிய வாயை நம்பிவிடாமல், நாளொன்றுக்கு ஓர் உறையையாவது தண்ணீருக்குள் அழுத்திப் பிசைந்து பாருங்கள். குமிழி வந்தால் ஒட்டும் கருவியின் சூடு போதவில்லை, அல்லது வாயில் மாவுத்தூள் படிந்திருக்கிறது. என் அனுபவத்தில் பத்துக்கு ஏழு முறை தூள்தான். உறைக்குள் பொருளைக் கொட்டும்போது அகலமான புனலைப் பயன்படுத்தினால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இனி, எத்தனை நாள் கெடாது என்ற எண்ணுக்கு வருவோம். இதை வேறொருவருடைய பட்டியலைப் பார்த்து எழுதக்கூடாது. அவருடைய எண்ணெய் வேறு, மாவின் ஈரம் வேறு, உறை வேறு. விற்பனைக்கு அடைப்பதைப் போலவே பன்னிரண்டு உறைகளை அடைத்து, வீட்டிலேயே சூடான அறையில், தரையில் வைக்காமல் மேல் தட்டில் வையுங்கள். அந்த அறையின் சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நாளைக்கு ஒன்று வீதம் உறையைத் திறந்து, அன்று புதிதாகப் பொரித்த சிறிதளவையும் பக்கத்தில் வைத்து, செய்தவரல்லாத இருவரிடம் எது பழையது என்று சொல்லாமல் கொடுங்கள். நாமே ருசித்தால் நம் கைப்பக்குவத்தின்மீது உள்ள பாசம் நாவை மறைத்துவிடும். இருவரில் ஒருவர் முதன்முதலாக "இதில் ஏதோ பழைய வாடை" என்று சொல்லும் நாளே எல்லை. ஒருவருக்கு 36-ஆம் நாளில் அந்தச் சொல் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் எண்ணெயும் பதமும் ஒன்றுபோல அமையாது, ஆகையால் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 24 நாளை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த 24 நாளும் அறைச் சூட்டுக்கு உரியவை. வழியில் பொருள் சந்திப்பது அதைவிடப் பத்து டிகிரி மிகுந்த சூடு. எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெடும் வேகம் பத்து டிகிரி உயர்வுக்கு ஏறத்தாழ இருமடங்காகும் என்பது நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ள தோராயமான விதி. எனவே வழியில் கழியும் ஒரு நாளை நான் இரண்டு நாளாகக் கழிப்பேன். ஞாயிற்றுக்கிழமை செய்து, திங்கட்கிழமை அனுப்பிய பொருள், மிகத் தாமதமாகச் சனிக்கிழமை போய்ச் சேருகிறது என்று கொள்வோம். வீட்டில் கழிந்தது ஒரு நாள். வழியில் கழிந்த ஐந்து நாள் பத்தாகக் கணக்காகும். ஆக 24-இல் 11 செலவாகி 13 மிஞ்சுகிறது. செய்த நாளிலிருந்து ஆறாம் நாளான சனிக்கிழமையோடு அந்தப் பதின்மூன்றைக் கூட்டினால் 19 வருகிறது. நான் அதை 18 என்று எழுதுவேன். பட்டியலில் போக வேண்டிய எண் இதுதான்: தயாரித்த நாளிலிருந்து 18 நாள். இதனால் தாமதமாகப் பெற்றவருக்கும் பன்னிரண்டு நாள் கையில் இருக்கும். இப்படிக் கணக்கிட்டுப் பார்த்து வாங்குபவர் கையில் ஒரு வாரம்கூட மிஞ்சாது என்று தெரிந்தால், அந்தப் பொருளைத் தொலைவுக்கு அனுப்பக்கூடாது.

பொரித்த காரத்துக்கும் நெய் உருண்டைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஈரமுள்ள எதற்கும் இதைப் பயன்படுத்த வேண்டாம். கிருமி பெருகும் வேகம் இந்த விதிக்குக் கட்டுப்பட்டதன்று. பச்சைத் தேங்காயோ பழக்கூழோ சிறிது சேர்த்தாலும் உருண்டை அந்த வகைக்குப் போய்விடும்.

மேலே ஐந்து நாள் என்று எடுத்துக்கொண்ட எண் எங்கிருந்து வர வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். கூரியர் நிறுவனம் சொல்லும் "இரண்டு முதல் மூன்று வேலைநாள்" என்பதிலிருந்து அதை எடுக்காதீர்கள். இனிப்பு வேலைநாளில் மட்டும் பழையதாவதில்லை. உங்கள் கடைசி முப்பது பார்சல்களை எடுத்து, ஒவ்வொன்றும் கொடுத்த நாளிலிருந்து கையில் சேர்ந்த நாள்வரை விடுமுறையையும் சேர்த்து எத்தனை நாள் என்று எழுதி, குறைவிலிருந்து மிகுதிக்கு வரிசைப்படுத்துங்கள். வரிசையில் 27-ஆவதாக நிற்கும் எண்தான் உங்கள் பயண நாள். மீதி மூன்றும் அரிதான தாமதங்கள். அவற்றுக்காக எல்லாப் பொருளின் நாளையும் குறைக்க வேண்டியதில்லை, பணத்தைத் திருப்பித் தருவதற்கென விலையில் சிறிது ஒதுக்கினால் போதும். முப்பது பார்சல் இன்னும் அனுப்பவில்லை என்றால், நிறுவனம் சொல்லும் பெரிய எண்ணோடு இரண்டைக் கூட்டிக்கொண்டு தொடங்குங்கள்.

அனுப்பும் கிழமை இதிலிருந்தே பிறக்கிறது. ஞாயிறு விடுமுறை என்றால், பார்சல் கிடங்கில் சும்மா கிடக்கும் நாள் அது. திங்களும் செவ்வாயும் அனுப்பினால் பெரும்பாலானவை சனிக்குள் சேர்ந்துவிடும். புதன் அனுப்பியது சற்றுத் தாமதமானாலும் ஞாயிற்றில் சிக்கிவிடும். வியாழனும் வெள்ளியும் அனுப்புவது என் கதையைத் திரும்ப நடத்துவது. வெயில் மாதங்களில் நான் திங்கள், செவ்வாய் இரு நாள் மட்டுமே அனுப்புகிறேன், குளிர்ந்த மாதங்களில் புதனையும் சேர்த்துக்கொள்வேன். நாளைப் போலவே வேளையும் முக்கியம். காலையில் வீட்டுக்கு வந்து எடுத்துச்செல்லும் வண்டி பகல் முழுதும் தெருத்தெருவாகச் சுற்றிவிட்டுத்தான் கிளைக்குத் திரும்பும். இரவு லாரி எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்று கிளையில் கேட்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்பாக நாமே கொண்டுபோய்க் கொடுத்தால், மிகக் கடுமையான ஒரு பகல் வெயில் குறைகிறது. எந்தப் பெட்டியும் செய்யாத உதவி இது, செலவும் இல்லை.

இணையக் கடையில் பட்டியலிடும்போது பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. தயாரிப்புக் காலம் என்றும் பயணக் காலம் என்றும் இரண்டு தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். வாங்குபவருக்குக் காட்டப்படும் எதிர்பார்க்கும் நாள் இரண்டையும் கூட்டி வருவது. நீங்கள் வாரத்தில் இரு நாள் மட்டும் அனுப்புவது அந்தத் தளத்துக்குத் தெரியாது. சனிக்கிழமை மாலை 6 மணியோடு ஆர்டரை முடித்து, ஞாயிறு செய்து, திங்களும் செவ்வாயும் அனுப்புகிறீர்கள் என்றால், சனி மாலை 7 மணிக்கு வந்த ஆர்டர் எப்போது போகும்? அடுத்த திங்களுக்கும் அடுத்த திங்கள், அதாவது ஒன்பது நாள் கழித்து. ஆகவே தயாரிப்புக் காலம் என்ற கட்டத்தில் இரண்டு நாள் என்று போட்டால், பொய் சொல்ல நினைக்காமலே பொய் சொன்னவராவீர்கள். தளமும் உங்களைத் தாமதமானவர் என்று குறித்துவைக்கும். அங்கே ஒன்பது என்று போட்டுவிட்டு, விளக்கத்தில் கிழமைகளைத் தெளிவாக எழுதுவதே சரி. ஒன்பது என்ற எண்ணைக் கண்டு ஆட்கள் போய்விடுவார்கள் என்று அஞ்சினால், ஆர்டர் ஏற்கும் நேரத்தைச் சுருக்கி, சனி மாலையிலிருந்து திங்கள் காலைவரை கடையை மூடிவைக்கலாம்; அப்போது ஏழில் நிற்கும்.

விளக்கத்தை நான் எழுதும் விதத்தில் ஒன்றை முழுதாகக் காட்டுகிறேன்:

"பொரித்த காரம், 400 கிராம். ஒவ்வொரு ஞாயிறும் புதிதாகச் செய்து, திங்கள் அல்லது செவ்வாய் மாலை அனுப்புகிறோம். சனிக்கிழமை மாலை 6 மணிக்குள் வரும் ஆர்டர்கள் அந்த வாரமும், பிறகு வருபவை அடுத்த வாரமும் போகும். கையில் சேர 2 முதல் 5 நாள் ஆகும். ஞாயிறும் இதில் அடக்கம். தயாரித்த நாளும் அதிலிருந்து 18-ஆம் நாளும் உறையில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த 18 நாளில் பயண நாளும் சேர்ந்துள்ளது. திறந்தபின் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து 5 நாளுக்குள் உண்ணவும். பார்சல் வந்ததும் வெயிலில் வைக்காமல் எடுத்துக்கொள்ள வீட்டில் ஒருவர் இருக்கும் முகவரியைத் தரவும். கடலையும் கோதுமையும் சேர்ந்தது. பாலும் எள்ளும் கையாளும் சமையலறையில் செய்யப்பட்டது."

நெய் உருண்டைக்கு இதனோடு இரண்டு வரி கூடுதலாகும். "பார்சல் சூடாக வந்தால் உடனே திறக்காமல், நிமிர்த்தி வைத்து, குளிர்ந்த அறையில் இரண்டு மணி நேரம் விடவும், இளகிய நெய் இறுகிவிடும். மேலே வெண்மையாகத் தெரிவது உறைந்த நெய்." இந்த இரண்டாவது வரியை எழுதிய பிறகு எனக்குப் பூஞ்சை என்ற புகார் வரவில்லை. அதே வேளையில் உண்மையான பூஞ்சையை எப்படிப் பிரித்தறிவது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நெய்ப் படலத்தை விரலால் தேய்த்தால் உடல் சூட்டில் கரைந்து வழுவழுப்பாகும். பூஞ்சை கரையாது, பஞ்சுபோல நார் தெரியும், பச்சையோ சாம்பல் நிறமோ கலந்திருக்கும். வாடிக்கையாளரிடம் படம் கேட்கும்போது, இதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லாமல், பக்கத்திலிருந்து நெருக்கமாக எடுத்த படத்தைக் கேளுங்கள். பூஞ்சையானால் மேலே எழும்பி நிற்பது அதிலேயே தெரிந்துவிடும்.

"புதிதாக இருக்கும்", "நீண்ட நாள் கெடாது" என்பன போன்ற சொற்களைப் பட்டியலில் எங்கும் வைக்காதீர்கள். "பெற்ற நாளிலிருந்து 15 நாள்" என்றும் எழுதாதீர்கள். எப்போது பெறுவார் என்பது நம் கையில் இல்லாதபோது, அந்த நாளை அடிப்படையாகக் கொண்டு கொடுக்கும் வாக்கு பார்சல் தாமதமாகும் ஒவ்வொரு முறையும் தானே நீண்டுவிடும். உறையில் அச்சிடும் நாளும் பட்டியலில் உள்ள எண்ணும் ஒத்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். ஒரே ஞாயிற்றில் இரண்டு முறை பொரித்தால், எண்ணெய் மாற்றியதும் மாற்றாததும் வேறு வேறு என்பதால், உறையின் ஓரத்தில் 1, 2 என்று ஒரு சிறு எண்ணையும் போட்டுவையுங்கள். புகார் வரும்போது அந்தச் சிறு எண்ணைக் கேட்டால், கெட்டது வழியிலா வாணலியிலா என்பது அப்போதே தெரிந்துவிடும்: ஒரே எண்ணுள்ள உறைகள் வெவ்வேறு ஊர்களிலிருந்து புகாராக வந்தால் தவறு அடுப்படியில் நடந்தது, ஓர் ஊரிலிருந்து மட்டும் எல்லா எண்களும் வந்தால் அந்த வழியின் பயண நாளைக் கூட்டிவிட்டு, 18 என்ற எண்ணை மறுபடியும் கணக்கிட வேண்டும்.